மீட்டரில் 200: எப்போது ஓட வேண்டும், எப்போது உட்கார வேண்டும்?

வீட்டு பி.பி. மெஷினில் மேல் அளவு 200-ஐத் தாண்டிவிட்டால் வீடே பதறிப்போகிறது. ஒருவர் ஆட்டோவுக்கு ஓடுகிறார், இன்னொருவர் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பிரஷர் மாத்திரையில் ஒன்றை வாங்கி வருகிறார். வேறொரு வீட்டில் அம்மாவுக்கு நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருக்கிறது, முதுகில் வியர்த்துக் கொட்டுகிறது. மெஷினில் 170 என்று வருகிறது. "பிரஷர் ஒண்ணும் அவ்வளவு இல்லையே, வாயுவா இருக்கும், காலையில பார்த்துக்கலாம்" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முதல் வீட்டில் இருப்பவருக்கு நேரம் இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்குத்தான் நேரம் இல்லை.

ரத்த அழுத்தம் 180/120-ஐத் தாண்டினால் அதை மிகக் கடுமையான உயர்வு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மேல் அளவு மட்டும் தாண்டினாலும் சரி, கீழ் அளவு மட்டும் தாண்டினாலும் சரி, கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் அவர்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, 'இந்த அழுத்தம் இப்போது ஏதாவது ஓர் உறுப்பைச் சேதப்படுத்திக்கொண்டிருக்கிறதா?' என்பதே. மூளை, இதயம், நுரையீரல், மகாதமனி, சிறுநீரகம், கண் ஆகியவற்றில் ஒன்றில் புதிதாகச் சேதம் நடந்துகொண்டிருந்தால் அது ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சி. ஐ.சி.யூ.வில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிய நிலை. எண் அதேதான், உறுப்புகளில் புதிய சேதம் எதுவும் இல்லை என்றால், அதை இதுவரை ஹைப்பர்டென்சிவ் அர்ஜென்சி என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே மருத்துவர்களையும் நோயாளிகளையும் தேவையில்லாத அவசரத்தில் தள்ளுகிறது என்பதால், அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டு, 'கடுமையான உயர் ரத்த அழுத்தம்' என்று மட்டும் சொல்கின்றன.

ஒரே எண் இரண்டு பேரிடம் எப்படி இரண்டு நோயாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

62 வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகப் பிரஷர் உண்டு. மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாளாகத் தலை முழுக்க வலி, வாந்தி. பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் மகள் ஒன்றைக் கவனிக்கிறாள். அம்மா கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். என்ன கிழமை என்றால் பதில் வர நேரமாகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு "லைட்டைப் போடேன்" என்கிறார், லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பி.பி. 214/126.

இது எமர்ஜென்சி. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கு ஒரு திறமை உண்டு. அழுத்தம் ஏறினால் அவை தாமாகவே சுருங்கி, உள்ளே போகும் ரத்தத்தின் அளவைச் சீராக வைத்துக்கொள்ளும். அழுத்தம் அந்தக் குழாய்கள் தாங்கும் எல்லையை மீறினால் சுருக்கம் தளர்ந்து, குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து மூளை வீங்கத் தொடங்குகிறது. தலைவலியும் வாந்தியும் முன்னறிவிப்பு. குழப்பமும் பார்வை மங்கலும் வந்துவிட்டால் அடுத்தது வலிப்பாக இருக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் வீக்கம் பெரும்பாலும் முழுமையாக வடிந்துவிடும்.

அங்கே முதலில் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் ஆள் இப்படித்தான் குழம்புவார். மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு லாபெட்டலால், நிகார்டிபின் போன்ற மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் புரியாமல் போவது இதற்கு அடுத்த பகுதிதான். முதல் ஒரு மணி நேரத்தில் அழுத்தத்தை 120/80-க்குக் கொண்டுவர யாரும் முயல மாட்டார்கள். சராசரி அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது விதி. இந்த அம்மாவுக்கு அது 170/100 வாக்கில் வந்தால் போதும். அடுத்த இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் 160/100-ஐ ஒட்டி வைத்திருந்து, மீதியை ஒன்றிரண்டு நாளில் மெதுவாக இறக்குவார்கள். "இத்தனை நேரமாகியும் 160-லேயே நிக்குதே" என்று உறவினர் கவலைப்படும் நேரத்தில், மருத்துவர் விரும்பியதே அந்த 160 ஆக இருக்கும்.

காரணம் அதே ரத்தக் குழாய்கள்தான். வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியவருக்குக் குழாய்ச் சுவர் தடித்து, அவை சமாளிக்கும் எல்லைகள் இரண்டுமே மேலே நகர்ந்துவிடுகின்றன. அதனால்தான் நம்மில் ஒருவரைச் சாய்த்துவிடும் 200-ஐச் சுமந்துகொண்டு அவர் கடைக்குப் போய் வருகிறார். கீழ் எல்லையும் அதேபோல மேலே போயிருப்பதால், நமக்கு இயல்பான 120 அவருடைய மூளைக்குப் போதாமல் போகலாம். திடீரென்று அங்கே இறக்கினால், அழுத்தம் செய்யாத பக்கவாதத்தை மருந்து செய்துவிடும்.

இப்போது இன்னொருவர். 55 வயது, இலவச மருத்துவ முகாமில் வரிசையில் நின்று வந்து உட்கார்கிறார். அதே 214/126. நர்ஸ் முகம் மாறுகிறது, கூட வந்த மைத்துனர் பதறுகிறார். அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை, முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கத்தான் வந்திருக்கிறார்.

முகாம் மருத்துவர் அவரை ஓரமாக, முதுகு சாய்வுள்ள நாற்காலியில் உட்கார வைக்கிறார். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறார். கையின் பருமனுக்கு ஏற்ற பெரிய பட்டையை எடுக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருமனான கையில் வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக 20 அளவுக்குக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2023-இல் அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியது. கால் மணி நேரம் கழித்து, பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தால் 196/114. இன்னமும் அதிகம்தான். இனி கேள்விகள். நெஞ்சில் வலி? மூச்சு வாங்குதா? ராத்திரி நேரா படுக்க முடியுதா? கை கால் மரத்துப் போச்சா? பேச்சு குழறுச்சா? பார்வை? முதுகுல திடீர்னு வலி? சிறுநீர் குறைஞ்சிருக்கா? எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒரு மாசமா இல்லைங்க டாக்டர். உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்."

"முழங்காலுக்கு?"

"மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுப்பாங்க. தினம் ரெண்டு."

அது டைக்ளோஃபெனாக். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்தும். ஆக, இரண்டு காரணமும் கிடைத்துவிட்டது.

மைத்துனர் விடவில்லை. "ஒரு ஊசி போட்டு இறக்கி விட்டுடுங்களேன் டாக்டர், இப்படியே எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" மருத்துவர் ஊசி போடவில்லை. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அவர் முன்பு சாப்பிட்ட அம்லோடிபின் மாத்திரையையே மறுபடி தொடங்கச் சொல்கிறார். இ.சி.ஜி., சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், கண்ணின் விழித்திரை ஆகிய பரிசோதனைகளை அன்றைக்கே அரசு மருத்துவமனையில் முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். மூன்றாம் நாள் வந்து மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புகிறார். அம்லோடிபின் முழுதாக வேலை காட்டச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களைக் கொடுப்பதுதான் இங்கே சிகிச்சை.

இது அலட்சியம் என்று தோன்றலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அறிகுறி இல்லாமல் 180/110-உம் அதற்கு மேலும் அழுத்தத்தோடு வந்த 58,535 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 426 பேர் மட்டுமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனவர்கள். ஒரே மாதிரியானவர்களை ஒப்பிட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்தில் இத்தகைய பாதிப்பு வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டிய பகுதி அதுதான். அன்றைய ராத்திரியில் ஆபத்து குறைவு. அடுத்த ஐந்து வருடத்தில்தான் அதிகம்.

இறக்க வேண்டும் என்ற அவசரத்துக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. நிஃபெடிபின் என்ற மாத்திரைக்குள் திரவம் இருக்கும். அதைக் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்தோ, கடிக்கச் சொல்லியோ கொடுப்பது உலகம் முழுக்கப் பல வருடம் வழக்கமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் சரியும், எல்லோருக்கும் நிம்மதி. எவ்வளவு சரியும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை. சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்து இறந்தார்கள். 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்தத் தீங்குகளைத் திரட்டி எழுதிய கட்டுரை, இந்தப் பழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்று கேட்டது. இன்றும் "நாக்குக்கு அடியில ஒண்ணு வெச்சா இறங்கிடும்" என்ற யோசனை எங்காவது கேட்கத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டு மாத்திரையும், உங்கள் மாத்திரையையே இரண்டாகப் போட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அறிகுறி இல்லை என்பதை வைத்தே சேதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரகமும் கண்ணும் சத்தம் போடாமல் பாதிக்கப்படும் உறுப்புகள். அதனால்தான் அந்த முகாம் மருத்துவர் கிரியேட்டினினும் விழித்திரையும் பார்க்கச் சொன்னார். விழித்திரை ஒன்றுதான் உடம்பில் ரத்தக் குழாயை வெட்டாமல் நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம். அங்கே ரத்தத் திட்டுகளோ, பார்வை நரம்பின் முனையில் வீக்கமோ தெரிந்தால், ஆள் சிரித்துக்கொண்டிருந்தாலும் அது எமர்ஜென்சி. 1939-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் இப்படிப் பார்வை நரம்பு வீங்கிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டுக்குள் ஐந்தில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். அப்போது அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்து இல்லை. இப்போது இருக்கிறது, நிலைமையும் தலைகீழாகிவிட்டது. ஆகவே 180/120-ஐத் தாண்டிய ஒருவர் அறிகுறியே இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ ஒரு மருத்துவரைப் பார்த்து இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். பார்வை மங்கல் என்றால் மறுநாள் வரை காத்திருக்கவும் கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளை உறுப்பு வாரியாக நினைவில் வைப்பது எளிது. நெஞ்சில் அழுத்தம், கனம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை என்றால் இதயம். மூச்சு வாங்குவதால் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்வது, இருமினால் நுரையாக, சில நேரம் இளஞ்சிவப்பாகச் சளி வருவது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கிழிப்பது போல் திடீரென்று, தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் வரும் முதுகுவலி என்றால் மகாதமனியின் சுவர் கிழிந்திருக்கக்கூடும். மெதுவாக இறக்கும் விதிக்கு இது விலக்கு. கிழிசல் நீளாமல் இருக்க மேல் அளவை மிக விரைவாக 120-க்குக் கீழே கொண்டுவருவார்கள். மூளைக்கு, குழப்பம், மயக்கம், வலிப்பு, வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி திடீர்த் தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் தொங்குவது, பேச்சுக் குழறல் ஆகியவை.

பக்கவாதம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ரத்தக் கட்டியால் மூளைக் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளுவதற்காகவே உடம்பு அழுத்தத்தை ஏற்றுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத நோயாளிக்கு 220/120 வரை மருத்துவர்களே பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். வாய் கோணியவருக்கு "முதல்ல பிரஷரைக் குறைப்போம்" என்று வீட்டில் மாத்திரை கொடுத்தால், பிழைத்திருக்க வேண்டிய மூளைப் பகுதியும் பட்டினி கிடக்கும். விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம், மாத்திரையும் தண்ணீரும் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.

வெறும் தலைவலி, லேசான தலைசுற்றல், மூக்கில் ரத்தம் இவற்றோடு எண் உயர்ந்திருந்தால் பயம் கொஞ்சம் குறைவு. வலியும் பதற்றமுமே அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

180 என்ற எல்லைக்கோடு செல்லாத இருவர் உண்டு. ஒருவர் கர்ப்பிணி. இளம் பெண்ணின் ரத்தக் குழாய்கள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியவை அல்ல. இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் வேகமாக ஏறினால், அவற்றின் எல்லை மிகக் கீழேயே உடைந்துவிடுகிறது. கர்ப்பிணிக்கு 160/110 என்பதே எமர்ஜென்சி. கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும். கடும் தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவை 140/90-இல் வந்தாலும் அன்றைக்கே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வலிப்பைத் தடுக்க அங்கே மெக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள். குழந்தை பிறந்ததோடு இது முடிவதில்லை, ஆறு வாரம் வரை இதே கணக்குத்தான். தாய் வீட்டில் இருக்கும் பச்சை உடம்புக்காரி "தலை வெடிக்குதும்மா" என்றால் தூக்கம் போதவில்லை என்று சொல்லிவிடாமல் பி.பி. பாருங்கள்.

இன்னொருவர் குழந்தை. சொறி சிரங்கோ தொண்டைப் புண்ணோ வந்து இரண்டு மூன்று வாரத்தில், காலையில் கண் இமை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகம் அழற்சியில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு 150/100-இலேயே வலிப்பு வரலாம்.

வீட்டில் எண் 180/120-க்கு மேல் வந்து, மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் உயரத்தில் மேஜை மீது வைத்து, பேசாமல் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். காப்பியோ பீடி சிகரெட்டோ அரை மணிக்குள் ஆகியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். குறையவில்லை என்றால் அன்றைய மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, விட்டிருந்தால் அந்த ஒரு வேளையைச் சாப்பிட்டுவிட்டு, மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தீர்ந்துபோய் விட்டுவிட்டவர்கள் அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி இருந்தால் மறுபடி அளப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அளக்க மெஷின் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான். 108-ஐ அழைத்து, பிரஷர் எண்ணைச் சொல்வதற்கு முன் அறிகுறியைச் சொல்லுங்கள்: "நெஞ்சு வலி, அரை மணி நேரமா", "ஒரு கை வேலை செய்யலை, ஏழு மணியிலிருந்து", "எட்டு மாசக் கர்ப்பிணி, கண் இருட்டுது". எந்த ஆஸ்பத்திரிக்கு என்பது அதைப் பொறுத்தது. மூச்சு வாங்குபவரைப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வையுங்கள், மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவரே பைக்கை எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். வலி மாத்திரை, ஜலதோஷ மாத்திரை, நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, கடைசி வேளை எப்போது என்று எழுதிக் கூடவே எடுத்துப் போங்கள்.